ஜப்பானியத் தோழிக்கு மகளின் முதல் கடிதம்: வீட்டாரை எப்படி எழுதுவது?

கோவை அப்பா

வணக்கம். என் மகளுக்கு 15 வயது. ஒன்றரை வருடமாக வார இறுதியில் ஜப்பானிய மொழி படிக்கிறாள். அவளுடைய ஆசிரியை மூலம் ஜப்பானில் அவள் வயதுப் பெண் ஒருத்தி பேனா நட்புக்குக் கிடைத்திருக்கிறாள். முதல் கடிதம் இவள்தான் எழுத வேண்டும். வீட்டில் யார் யார், என்ன செய்யப் பிடிக்கும், அவ்வளவுதான் விஷயம். எழுதியதை ஆசிரியையிடம் காட்ட மாட்டேன், நானாகவே சரிபார்க்கிறேன் என்கிறாள். அவள் சம்மதத்தோடு இங்கே போடுகிறேன். தோழியின் பெயரை ஹருகா என்று மாற்றியிருக்கிறேன். எனக்கு அந்த எழுத்து வராததால் அவள் படிக்கச் சொல்லி, கேட்டபடி தமிழில் எழுதுகிறேன்.

"ஹருகா-சன் எ. ஹஜிமெமஷித்தெ." – ஹருகாவுக்கு, முதல் வணக்கம்.
"வத்தஷி வா ஜூகொ-சாய் தெஸ். வத்தஷி வா ஜூ-நென்ஸே தெஸ்." – எனக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு.
"வத்தஷி வா அனி கா யொ-நின் இமஸ். இமோத்தொ கா ஹித்தொரி அரிமஸ்." – நான்கு அண்ணன்கள், ஒரு தங்கை.
"ஒத்தோசன் வா கின்கோ தெ ஹத்தராய்தெ இரஸ்ஷாய்மஸ்." – அப்பா வங்கியில் வேலை செய்கிறார்.
"ஷுமி வா வீணா ஒ ஹிகிமஸ். மைனிச்சி கோராமு ஒ ஒகிமஸ்." – பொழுதுபோக்கு வீணை, தினமும் கோலம் போடுவேன்.
"அனத்தா நொ ஷுமி வா நன் தெஸ் கா." – உன் பொழுதுபோக்கு என்ன?

முதலில் ஆங்கிலத்தில் எழுதி, பிறகு வரிவரியாக மாற்றினாளாம். தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

---

முத்துராஜ் (மதுரை)

நல்ல விஷயம் சார். நான் 1980-களில் பேனா நட்பு வைத்திருந்தவன். தபால்தலை ஒட்டும்போது ஒரே தலையாக ஒட்டாமல் சின்னச் சின்னதாக நாலைந்து ஒட்டச் சொல்லுங்கள், அந்தப் பக்கம் இருப்பவர்கள் சேகரிப்பார்கள். மெல்லிய தாளில் எழுதினால் எடை குறையும். நண்பர்கள் வேண்டுமானால் இப்போது இணையத்திலேயே நிறைய இடம் இருக்கிறதாமே, பெண் பிள்ளை என்பதால் வீட்டு முகவரி கொடுக்கும் முன் யோசியுங்கள்.

---

கோவை அப்பா

நன்றி ஐயா. தோழி கிடைத்தாகிவிட்டது, ஆசிரியைக்குத் தெரிந்த குடும்பம்தான். கடிதத்தில் மொழி சரியா என்பதே கேள்வி. தபால்தலை யோசனையைச் சொன்னேன், ரொம்பப் பிடித்துவிட்டது அவளுக்கு.

---

அரைகுறை_நிஹொன்கோ

என்4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். "ஒத்தோசன்" தவறு. கடிதத்தில் அப்பா என்றால் "சிச்சி", அம்மா என்றால் "ஹஹ". எல்லா இடத்திலும் அப்படியே மாற்றிவிடுங்கள். கடைசியில் தோழியின் அம்மாவை விசாரிப்பதானாலும் "ஹருகா-சன் நொ ஹஹ" என்றே எழுதட்டும். அப்புறம் "இமோத்தொ கா அரிமஸ்" பெரிய பிழை. "அரிமஸ்" உயிரில்லாத பொருளுக்கு மட்டும். தங்கை நாற்காலி இல்லையே! "இமஸ்" போடணும். கூடப்பிறந்தவர்களைச் சுருக்கமாகச் சொல்ல "கியோதாய்" என்ற சொல் இருக்கிறது. அண்ணன் நாலு, தங்கை ஒன்று, மொத்தம் ஐந்து பேர், ஆகவே "கொனின் கியோதாய்".

---

நாகோயா நளினி

பதினோரு வருடமாக இங்கே இருக்கிறேன், என் இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். அரைகுறை சொன்னதில் பாதி சரி. மீதியை அப்படியே எடுத்துக்கொண்டால் கடிதம் வேறு விதமாகக் கோணிக்கொள்ளும்.

"சிச்சி", "ஹஹ" என்பவை என் அப்பா, என் அம்மா என்று வெளியாரிடம் சொல்லும் சொற்கள். ஹருகாவின் அம்மாவுக்கு அதைப் போடவே கூடாது. அவளுடைய அம்மா எப்போதும் "ஒகாசன்"தான். அதே மாதிரி என் தங்கை "இமோத்தொ", உன் தங்கை "இமோத்தொ-சன்". ஆக ஒவ்வொரு உறவுக்கும் இரண்டு சொல். யார் வீட்டு ஆள் என்பதைப் பொறுத்துச் சொல் மாறும்.

கியோதாய் கணக்கும் தப்பு. "சன்னின் கியோதாய்" என்றால் என்னையும் சேர்த்து மூன்று பேர். நம் ஊரில் "நாங்க மூணு பேர்" என்று சொல்வோமே, அதே கணக்கு. ஐந்து பேர் கூடப்பிறந்திருந்தால் இவளைச் சேர்த்து ஆறு, அப்போது "ரொக்குனின்" வரும். ஆங்கிலத்தில் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

அண்ணா, ஒன்று கேட்கட்டுமா? உங்களுக்கு நிஜமாகவே நான்கு பையன்களா?

---

கோவை அப்பா

இல்லையம்மா. ஒரு பையன், இரண்டு பெண்கள். மற்ற மூன்று பேர் என் அண்ணன் மக்கள். பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள், இவளைத் தூக்கி வளர்த்த அண்ணன்கள். அவர்களை வேறு எப்படிச் சொல்வாள்?

---

நாகோயா நளினி

அதுதான் என்று நினைத்தேன். இந்தக் கடிதத்தில் உண்மையாகவே சிக்கல் வரக்கூடிய இடம் இதுதான். மற்ற பிழைகளோடு படித்தாலும் ஹருகாவுக்குப் புரிந்துவிடும். இதில் ஒரு பிழையும் இல்லாததால் அவளுக்குச் சந்தேகமே வராது, தப்பாகவே புரிந்துகொள்வாள்.

நமக்கும் ஜப்பானியருக்கும் ஒரு பெரிய ஒற்றுமை உண்டு. மூத்தவர் இளையவர் என்று கூடப்பிறந்தவர்களைப் பிரித்துத்தான் சொல்ல முடியும். அண்ணன் அனி, அக்கா அனெ, தம்பி ஒத்தோத்தொ, தங்கை இமோத்தொ. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதைப் பழக மாதக்கணக்கில் திணறுவார்கள், தமிழ்ப் பிள்ளைக்கு ஒரே நாளில் வந்துவிடும். அந்தத் தைரியத்தில் பெரியப்பா பையனையும் அனி என்று எழுதிவிடுகிறோம். அனி என்றால் ஒரே பெற்றோருக்குப் பிறந்த அண்ணன் என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பெரியப்பா மகன், சித்தி மகள், மாமா மகன், அத்தை மகள் எல்லோருக்கும் அவர்களிடம் "இத்தொக்கொ" என்ற ஒரே சொல்தான். நமக்கு முறையுள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு எவ்வளவு முக்கியம்! அந்தச் சொல்லில் அது இல்லவே இல்லை.

நான் வந்த புதிதில் "எனக்கு ஆறு அக்கா" என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். என் அம்மாவை நினைத்து அவர் ரொம்ப நாள் வருத்தப்பட்டார். பிறகு ஒரு பண்டிகைப் படத்தைக் காட்டி யார் யார் என்று விளக்கியபோதுதான் விஷயம் தெளிவானது.

அவள் இப்படி எழுதலாம்: "சன்னின் கியோதாய் தெஸ். அனி தொ இமோத்தொ கா இமஸ்." மூன்று பேர், ஓர் அண்ணனும் ஒரு தங்கையும். அடுத்த வரியில், பக்கத்துத் தெருவில் மூன்று இத்தொக்கொ இருக்கிறார்கள், தமிழில் அவர்களையும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம் என்று எழுதட்டும். ஹருகாவுக்கு அது புது விஷயமாக இருக்கும், பதில் எழுத ஒரு பிடியும் கிடைக்கும்.

"ஜூ-நென்ஸே"யும் மாற வேண்டும். இங்கே ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை நேராக எண்ண மாட்டார்கள். தொடக்கப் பள்ளி 6 வருடம், நடுநிலை 3, மேல்நிலை 3, ஒவ்வொன்றிலும் மறுபடி ஒன்றாம் வருடத்திலிருந்து எண்ணுவார்கள். நம் பத்தாம் வகுப்பு இங்கே மேல்நிலை முதல் வருடம், "கோகோ இச்சினென்ஸே".

---

முத்துராஜ் (மதுரை)

இதைப் படித்ததும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பெயரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? நான் எழுதிய காலத்தில் இனிஷியலை விரித்து என் அப்பா பெயரை முன்னால் போட்டு, பிறகு என் பெயரை எழுதுவேன். ஜெர்மனியிலிருந்து வந்த முதல் பதிலில் என் அப்பா பெயரைப் போட்டுத்தான் "அன்புள்ள" என்று தொடங்கியிருந்தது. அப்பாவே தபால்காரரிடம் வாங்கிப் பிரித்துவிட்டார், எனக்கு யாரப்பா ஜெர்மனியில் நட்பு என்று கேட்டபடி. அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

---

நாகோயா நளினி

சரியான இடத்தில் சொன்னீர்கள் ஐயா. இங்கே இது இன்னும் கண்டிப்பாக நடக்கும். குடும்பப் பெயர் முதலில், சொந்தப் பெயர் பிறகு என்பது இவர்கள் வழக்கம். அப்பா பெயரை முன்னால் எழுதினால் அதையே குடும்பப் பெயர் என்று எடுத்து, அதோடு "சன்" சேர்த்துக் கூப்பிடுவார்கள். முதல் கடிதத்தில் தன் பெயரை மட்டும் எழுதி, எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இப்படியே கூப்பிடு என்று ஒரு வரி சேர்க்கட்டும். தன் பெயரோடு தானே "சன்" போடக் கூடாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

---

வானதி டீச்சர்

சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறேன். தாமதமாக வருகிறேன், உறவுச் சொற்களை நளினி நன்றாகச் சொல்லிவிட்டார். நான் வாக்கியத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

"ஷுமி வா வீணா ஒ ஹிகிமஸ்." என் மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் கடிதத்தில் இதை எழுதுவார்கள். பிழையைத் தெரிந்துகொள்ள இலக்கணமே தேவையில்லை, அப்படியே தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். "என் பொழுதுபோக்கு வீணை வாசிக்கிறேன்." காதில் உடனே உறுத்துகிறதா? தமிழில் எப்படிச் சொல்வோம்? "என் பொழுதுபோக்கு வீணை வாசிப்பது." அந்த "-பது" என்ன வேலை செய்கிறதோ அதையே "கொத்தொ" செய்கிறது. "ஷுமி வா வீணா ஒ ஹிக்கு கொத்தொ தெஸ்." வீணை, ஐ, வாசிப், பது. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. ஹிகிமஸ் என்பது ஹிக்கு என்று மாறுவதைக் கவனிக்க வேண்டும், கொத்தொவுக்கு முன்னால் அகராதியில் இருக்கும் வடிவம்தான் வரும்.

அதனால்தான் ஆங்கிலத்தில் எழுதி மாற்றுவதை நான் வகுப்பில் தடுக்கிறேன். வினை கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது எல்லாமே தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டுச் சங்கதி. ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் அந்த வசதி முழுக்கக் கைவிட்டுப் போகிறது. "வத்தஷி வா, வத்தஷி வா" என்று வரிக்கு வரி வந்திருக்கிறதே, அதுவும் ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான். தமிழில் யார் ஒவ்வொரு வாக்கியத்தையும் "நான்" என்று தொடங்குகிறார்கள்? முதல் வரியில் ஒரு தடவை போதும்.

ஆனால் தமிழை அப்படியே நம்பினாலும் சறுக்கும் இடங்கள் உண்டு. இந்தக் கடிதத்தில் மூன்று பார்க்கிறேன்.

கோலத்துக்கு "ஒகிமஸ்" எழுதியிருக்கிறாள். அது ஒரு பொருளைக் கீழே வைப்பது. கோலம் "போடு" என்பதால் வந்திருக்கும். தோழி அதை ஒரு சாமான் என்று நினைப்பாள், தினமும் எங்கே வைக்கிறாள் என்று யோசிப்பாள். படம் வரைவதற்கான "கக்கிமஸ்" போட்டு, "கொமெ நொ கொனா தெ", அதாவது அரிசி மாவால் என்று சேர்த்தால் புரியும். வாசலில் தரைமீது என்றும் ஒரு சொல் இருக்கட்டும்.

இரண்டாவது "அனத்தா". நமக்கு நீ, நீங்கள் இல்லாமல் கடிதம் நகராது. அவர்கள் எதிரில் இருப்பவரைப் பெயர் சொல்லித்தான் எழுதுவார்கள். "ஹருகா-சன் நொ ஷுமி வா நன் தெஸ் கா." அனத்தா என்று சம வயதுத் தோழிக்கு எழுதினால் கேள்வித்தாளில் வரும் கேள்வி போல விலகி நிற்கும்.

மூன்றாவதுதான் பிள்ளைகளுக்கு மனம் ஒப்பாதது. அப்பா வேலை செய்கிறார் என்று மரியாதை வினையைத் தேடி எடுத்துப் போட்டிருக்கிறாள். பாவம், நல்ல எண்ணம்தான். நம்மிடம் யாரிடம் பேசினாலும் அப்பா "செய்கிறார்"தான். அங்கே வீடு ஒரு பக்கம், வெளியார் ஒரு பக்கம். வெளியாரிடம் பேசும்போது தன் பக்கத்து ஆளை உயர்த்தக் கூடாது. ஒரு கம்பெனிக்கு வெளியிலிருந்து போன் வந்தால், தன் மேலாளரின் பெயரைக்கூட "சன்" இல்லாமல்தான் சொல்வார்கள். ஆகவே "சிச்சி வா கின்கோ தெ ஹத்தராய்தெ இமஸ்" போதும்.

---

கோவை அப்பா

டீச்சர், இதை அவளிடம் படித்துக் காட்டினேன். கடைசி விஷயத்தில் முகம் சுருங்கிவிட்டது. "உங்களை அவன் இவன் என்று எழுதுகிற மாதிரி இருக்குப்பா" என்கிறாள். என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

---

வானதி டீச்சர்

அவன் இவன் இல்லை என்று சொல்லுங்கள். அந்த வினையில் மரியாதைக் குறைவு கிடையாது. ஹருகாவுக்கு நாம் காட்டும் மரியாதை "இமஸ்" என்ற முடிவிலேயே இருக்கிறது. அப்பாவுக்குத் தனியாக ஒன்று சேர்க்கவில்லை, அவ்வளவுதான். ஹருகாவின் தாத்தாவைப் பற்றி எழுதும்போது அவள் தேடி வைத்த "இரஸ்ஷாய்மஸ்" அப்படியே பயன்படும்.

---

அரைகுறை_நிஹொன்கோ

கியோதாய் கணக்கு, "உன் அம்மா" இரண்டிலும் என் தவறு. நன்றி அக்கா, இத்தனை நாள் அப்படியேதான் நினைத்திருந்தேன். "அரிமஸ்" மட்டும் சரிதானே?

---

வானதி டீச்சர்

இந்தக் கடிதத்துக்குச் சரி, "இமஸ்" எழுதட்டும். ஆனால் உயிரில்லாததற்கு மட்டும் என்று சட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள். மனைவி மக்கள் உள்ளவர் என்று சொல்லும்போது இன்றும் "அரு" வரும். உடைமையாக, உறவாகச் சொல்லும் பழைய வழக்கு அது. தமிழில் "இரு" ஒன்றே இரண்டுக்கும் போதும் என்பதால் நம் பிள்ளைகள் இங்கே தடுமாறுவது இயல்பு.

---

நாகோயா நளினி

டீச்சர், ஒன்றில் மட்டும் உங்களோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. என் மகள் மேல்நிலை இரண்டாம் வருடம். அவளும் தோழிகளும் தங்கள் அம்மாவை "ஒகாசன்" என்றுதான் ஒருவருக்கொருவர் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். "ஹஹ" என்று அந்த வயதுப் பெண் எழுதினால் நேர்முகத் தேர்வுக்குப் போன மாதிரி இருக்கிறது என்கிறாள் என் மகள். இவள் தன் வயதுப் பெண்ணுக்குத்தானே எழுதுகிறாள்?

---

வானதி டீச்சர்

பேச்சில் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் இது முதல் கடிதம், ஹருகாவின் பெற்றோரும் படிக்கக்கூடும். முதலில் ஹஹ என்றும் தெஸ், மஸ் முடிவோடும் எழுதுவது பாதுகாப்பு. ஹருகா பதிலில் ஒகாசன் என்று எழுதி, வாக்கியங்களையும் தளர்த்தினால், இவளும் இரண்டாவது கடிதத்தில் இறங்கி வரலாம்.

---

நாகோயா நளினி

அந்தப் பக்கம் ஹருகாவும் இதே மாதிரி, வெளிநாட்டுத் தோழி ஹஹ என்று எழுதியிருக்கிறாளே, நாமும் விறைப்பாகவே எழுதுவோம் என்று நினைத்தால்? யாராவது ஒருவர் முதலில் தளர வேண்டும். நான் என்றால் தெஸ், மஸ் வைத்துக்கொண்டு ஒகாசன் என்று எழுதச் சொல்வேன்.

---

முத்துராஜ் (மதுரை)

நான் மொழி தெரியாதவன். இருந்தாலும் கேட்கிறேன், எல்லாப் பிழையையும் நாமே திருத்திவிட்டால் அந்தப் பெண்ணுக்குத் திருத்த என்ன மிச்சம் இருக்கும்? எனக்கு வந்த கடிதங்களில் அந்த ஜெர்மன் நண்பரின் தப்பான ஆங்கிலம்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். நானும் தைரியமாகத் தப்புத் தப்பாக எழுதினேன்.

---

வானதி டீச்சர்

யோசிக்க வேண்டிய கேள்வி ஐயா. பொருள் மாறும் இடங்களை நாம் திருத்தலாம். நாலு அண்ணன், வகுப்பு, கோலம் வைப்பது, இவை மூன்றும் அப்படி. "கொத்தொ" விட்டுப்போனால் பொருள் கெடாது, ஹருகாவே சொல்லிக்கொடுக்கட்டும் என்று விடலாம். நான் வகுப்பில் அப்படி விட மாட்டேன், ஆனால் இது வகுப்பு இல்லையே.

---

கோவை அப்பா

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து, ஆங்கிலக் காகிதத்தைத் தூக்கி வைத்துவிட்டு, முதலில் எனக்குத் தமிழில் சொல்லி, பிறகு புதிதாக எழுதினாள். அவள் படித்ததை அப்படியே போடுகிறேன்.

"ஹருகா-சன் எ. ஹஜிமெமஷித்தெ." பிறகு தன் பெயர் மட்டும். குடும்பப் பெயர் கிடையாது என்ற வரியும் உண்டு.
"ஜூகொ-சாய் தெஸ். கோகோ இச்சினென்ஸே தெஸ்."
"ரொக்குனின் கஸொக்கு தெஸ்." – நாங்கள் ஆறு பேர். பாட்டியும் எங்களோடுதான்.
"சிச்சி வா கின்கோ தெ ஹத்தராய்தெ இமஸ். ஹஹ வா கங்கொஷி தெஸ்." – அப்பா வங்கியில், அம்மா செவிலியர்.
"சன்னின் கியோதாய் தெஸ். அனி தொ இமோத்தொ கா இமஸ்." அடுத்து மூன்று இத்தொக்கொ பற்றி இரண்டு வரி.
"ஷுமி வா வீணா ஒ ஹிக்கு கொத்தொ தெஸ். மைனிச்சி கொமெ நொ கொனா தெ கோராமு ஒ கக்கிமஸ்." கீழே ஒன்பது புள்ளி வைத்து ஒரு சிறு கோலம் வரைந்திருக்கிறாள்.
"ஹருகா-சன் நொ ஷுமி வா நன் தெஸ் கா."
கடைசியில் தன் பெயர், அதன் பின்னால் "யொரி", அதாவது இன்னாரிடமிருந்து.

ஹஹவா ஒகாசனா என்று கேட்டேன். ஹஹ என்றே இருக்கட்டும், அடுத்ததில் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கோலத்தைச் சிவப்பு மையில் வரையலாமா என்று மட்டும் கேட்கச் சொன்னாள், ஓரத்தில் காவி பூசுவது போல இருக்குமாம்.

---

நாகோயா நளினி

கோலத்தின் ஓரத்துக்குச் சிவப்பு அழகாக இருக்கும், போடட்டும். எழுத்து மட்டும் கறுப்பிலோ நீலத்திலோ இருக்கட்டும். சிவப்பு மையில் கடிதம் எழுதினால் இங்கே உறவை முறித்துக்கொள்வதாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. ஹருகாவின் பெயரைச் சிவப்பில் எழுதவே வேண்டாம்.

உறை மேல் முகவரியை ஆங்கில எழுத்தில் எழுதினாலே போய்ச் சேரும். அஞ்சல் குறியீடு ஏழு இலக்கம், மூன்றும் நான்குமாக நடுவில் ஒரு கோடு இருக்கும், அதில் ஓர் எண்கூட விடாமல் பார்க்கச் சொல்லுங்கள். பதில் வந்தால் ஹருகா தன் அம்மாவை எப்படி எழுதியிருக்கிறாள் என்று இங்கே வந்து சொல்லுங்கள் அண்ணா, டீச்சரும் நானும் காத்திருப்போம்.